பெட்டிக்கு மூன்று அளவுகோல்

நம்மிடம் முன்னர் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், இப்போது ஒரு குழந்தைக்குத் தந்தையாய் விட்டவர், அண்மையில் ஒரு ஞாயிறு மாலை நம் இல்லத்துக்கு வந்தார். கனடாவில் நிரந்தரமாய் வதிவதற்கு அனுமதி கிடைத்து, மனைவியுடனும் எட்டு வயது மகளுடனும் ரொறன்ரோவுக்குப் புறப்படவிருந்தார். விடைபெற வந்தார் என்றே நாம் எண்ணினோம். அவரோ ஒரு கொப்பியை விரித்து நம் முன்னே வைத்தார். அதிலே கொண்டு செல்லவேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது.

"சேர், மூன்று இடத்தில் விலை கேட்டேன். விமானக் கம்பனி பெட்டிக்கு இவ்வளவு என்கிறது. கூரியர்க்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்கிறார். கப்பல் முகவர் கன மீற்றருக்கு இவ்வளவு என்கிறார். எது மலிவு என்று எனக்கு விளங்கவில்லை" என்றார்.

அவர் பட்டியலில் வீட்டுத் தளவாடம் எதுவும் இல்லை. கதிரை, மேசை, அலுமாரி யாவற்றையும் உறவினருக்குக் கொடுத்துவிட்டார். மின்சார அரைக்கும் இயந்திரத்தை மாத்திரம் விட மனமின்றி வைத்திருந்தார். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், கனடாவின் மின்சாரம் 120 வோல்ட் என்று நாம் நினைவூட்டியதும் அதையும் வெட்டிவிட்டார். எஞ்சியவை இவை: ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய தகப்பனார் கொடுத்த நூல்கள் 6 மட்டைப்பெட்டிகள், மனைவியின் தாயார் வைத்திருந்த கைத்தையல் இயந்திரம் ஒன்று, குத்துவிளக்கு ஒரு சோடி, பித்தளைப் பாத்திரங்கள் ஒரு பெட்டி, தலையணை, போர்வை முதலியன இரண்டு பொதிகள். ஆகப் பதினொரு பெட்டிகள். விமானச் சீட்டுடன் இலவசமாய்க் கிடைக்கும் பெட்டிகளை உடுதுணிகளால் நிரப்பியபின் மிஞ்சியவையே இவை.

மூவரும் மூன்று விதமாய் விலை சொன்னமைக்குக் காரணம் எளிது. ஒருவர் பெட்டிகளை எண்ணுகின்றார். ஒருவர் நிறுக்கின்றார். ஒருவர் இடத்தை அளக்கின்றார். ஆதலின், எந்த வழி மலிவு என்ற கேள்விக்குச் சாமானைப் பாராமல் விடை கூற இயலாது. ஒரே வீட்டிலிருந்து போகும் புத்தகப் பெட்டிக்கு ஒரு விடையும் தலையணைப் பொதிக்கு வேறொரு விடையும் உண்டு.

முதலில் விமானத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவுக்குச் செல்லும் விமானங்களிற் பெரும்பாலும் பெட்டிக் கணக்கே நடைமுறையில் உள்ளது. ஒருவருக்கு இத்தனை பெட்டிகள், பெட்டி ஒன்று 23 கிலோவுக்கு மேற்படலாகாது, அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது வழக்கமான விதி. இந்த எல்லைக்குள் நிற்கும் ஒவ்வொரு மேலதிகப் பெட்டிக்கும் ஒரே கட்டணம். அந்தப் பெட்டி 5 கிலோவாயினும் 23 கிலோவாயினும் பணம் ஒன்றே. பெட்டி 24 கிலோவாகிவிட்டாலோ அல்லது 160 சென்ரிமீற்றராகிவிட்டாலோ, மேலதிகப் பெட்டிக் கட்டணத்துக்கு மேலே அதிபாரக் கட்டணமோ அளவுமீறிய கட்டணமோ தனியாக வந்து சேரும். வேறு பல வழிகளில் விமானக் கம்பனிகள் பெட்டிகளை எண்ணாது மொத்த நிறையை மாத்திரம் பார்த்து, மிகையான கிலோ ஒவ்வொன்றுக்கும் பணம் கேட்கும். தம் சீட்டில் எழுதியிருப்பது பெட்டிக் கணக்கா நிறைக் கணக்கா என்று பாராமல் எவரும் பெட்டி கட்டத் தொடங்கலாகாது.

கூரியர்க்காரர் கிலோவுக்கு விலை சொன்னாலும் தராசை மாத்திரம் நம்புபவர் அல்லர். பெட்டியின் மூன்று பக்கங்களையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை 5000 ஆற் பிரிப்பார். இதற்குக் கனவளவு நிறை என்று பெயர். உண்மை நிறை, கனவளவு நிறை ஆகிய இரண்டில் எது பெரிதோ அதற்கே பணம். நம் மாணவருடைய தலையணைப் பொதி 60 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 40 உயரம். பெருக்கினால் 1,20,000. 5000 ஆற் பிரித்தால் 24. தராசில் 8 கிலோ காட்டும் பொதிக்கு 24 கிலோவின் பணம்! பஞ்சுக்கும் காற்றுக்கும் இப்படி விலை கொடுப்பதை அவர் அதுவரை அறியவில்லை. புத்தகப் பெட்டியோ 40 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம். அதன் கனவளவு நிறை 7 கிலோவுக்குச் சற்று அதிகம். தராசில் 22 கிலோ. இங்கே தராசு வென்றுவிடும்.

கப்பலில் ஒரு குடும்பத்தின் பெட்டிகள் கொள்கலன் ஒன்றை முழுதாக நிரப்பமாட்டா. எனவே பலருடைய சாமான்களை ஒரே கொள்கலனில் ஏற்றுவர். அந்தப் பங்குக் கொள்கலனில் அளவு கன மீற்றர். ஒரு கன மீற்றர் இடத்தில் 1000 கிலோ வரை ஏற்றினாலும் கட்டணம் மாறாது. நெருக்கி அடுக்கிய நூல்கள் கூட ஒரு கன மீற்றருக்கு 600 கிலோ அளவில்தான் நிற்கும். ஆகவே கப்பலைப் பொறுத்தவரை நூல்களுக்குப் பாரமே இல்லை எனலாம். விமான நிலையத்தில் நம்மவரை அழவைக்கும் சாமான் கப்பலில் மிக மலிவாகப் போகின்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். அவருக்குக் கிடைத்த விலைகளை நாம் முழு எண்களாக்கித் தருகின்றோம். இவை காலத்துக்குக் காலமும் கம்பனிக்குக் கம்பனியும் மாறுவன; வாசகர்கள் கணக்குச் செய்யும் முறையை எடுத்துக்கொண்டு எண்களைத் தாமே கேட்டறிதல் வேண்டும். மேலதிகப் பெட்டி ஒன்றுக்கு விமானத்தில் 200 அமெரிக்க டொலர். கூரியரில் கிலோவுக்கு 9 டொலர். கப்பலில் கன மீற்றருக்கு 140 டொலர்.

விமானத்தில் பதினொரு பெட்டிகளுக்கு 2200 டொலர். கூரியரில் நூல்கள் 132 கிலோ, தலையணைப் பொதிகள் இரண்டும் கனவளவில் 48, பாத்திரம் 20, தையல் இயந்திரம் 15, விளக்கு 18, ஆக 233 கிலோவுக்கு 2097 டொலர். கப்பலிலோ பதினொரு பெட்டிகளும் சேர்ந்து 0.64 கன மீற்றரே. "அப்படியானால் நூறு டொலர் கூட ஆகாதே, சேர்" என்று அவர் முகம் மலர்ந்தார்.

இந்த இடத்திலேதான் பலர் ஏமாறுகின்றனர். முகவர் முதலிற் சொல்லும் 140 டொலர் துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரையுள்ள கப்பற் கூலி மாத்திரமே. மேலும், ஒரு கன மீற்றருக்குக் குறைந்தாலும் ஒரு கன மீற்றருக்கே பணம் என்பது வழக்கம். இவற்றைவிட, கொழும்பிலே பொதிகளைப் பொறுப்பேற்று, பத்திரம் எழுதி, கொள்கலனில் ஏற்றுவதற்கு ஒரு தொகை உண்டு. ரொறன்ரோவிலே கொள்கலனைத் திறந்து பிரித்துப் பண்டகசாலையில் வைப்பதற்கும் விடுவிப்புப் பத்திரம் தருவதற்கும் வேறொரு தொகை உண்டு. இதைக் கொழும்பு முகவர் வாங்குவதில்லை, அங்குள்ள அவருடைய கூட்டாளி வாங்குவார். ஆதலாற் கொழும்பில் எழுதித் தரும் விலையில் அது பெரும்பாலும் இராது. பண்டகசாலையிலிருந்து வீட்டுக்கு வண்டிக் கூலி இன்னும் தனி.

நாம் அவரைத் திருப்பி அனுப்பி, "ரொறன்ரோவில் எமது கையிலிருந்து போகும் தொகை எல்லாவற்றையும் எழுத்தில் தாருங்கள்" என்று கேட்கச் சொன்னோம். முகவர் இரண்டு நாள் கழித்துத் தந்தார். கப்பற் கூலி 140, கொழும்புச் செலவு 160, ரொறன்ரோச் செலவு 380, வீட்டுக்குச் சேர்க்கும் கூலி 150. மொத்தம் 830 டொலர். முதலிற் சொன்ன விலையின் ஏறக்குறைய ஆறு மடங்கு! ஆயினும் இது 2200 அன்று, 2097 உம் அன்று.

இந்த 830 ஐ 200 ஆற் பிரித்துப் பார்த்தால் நான்குக்குச் சற்று மேலே வருகின்றது. நான்கு பெட்டிகள் வரை விமானம் மலிவு, ஐந்தாவது பெட்டியிலிருந்து கப்பல் மலிவு என்பது இதன் பொருள். ஒரு பெட்டியைக் கப்பலில் அனுப்பினாலும் அதே 830 இற் பெரும்பங்கைக் கொடுக்கவேண்டுமாதலால், மேற்படிப்புக்குத் தனியே செல்லும் மாணவர் தம் இரண்டு பெட்டிப் புத்தகத்துக்குக் கப்பலை நாடுவது வீண்செலவு. கூரியரோ சிறு பொதிக்கு உரியது. விமானத்தில் 5 கிலோப் பெட்டிக்கும் 200 டொலர் கேட்பர். இறுக்கிக் கட்டிய 5 கிலோப் பொதி கூரியரிலே 45 டொலருக்குப் போய்விடும். பெட்டி 22 கிலோவை நெருங்கும்போது இரண்டும் சமமாகின்றன. இன்னுமொன்று: கூரியரில் அனுப்புபவர், இது குடியேறுபவரின் சொந்தப் பாவனைச் சாமான் என்பதை முன்கூட்டியே தெரிவித்து, அதற்குரிய பத்திரத்தையும் கொடுத்தல் வேண்டும். இல்லாவிடின் கம்பனி அதைச் சாதாரண இறக்குமதியாய்க் கணித்து, வரியுடன் தன் தரகுக் கூலியையும் வாசலில் வைத்துக் கேட்கும்.

கணக்கு இவ்வளவில் முடியவில்லை. ஒரு கன மீற்றருக்குப் பணம் கொடுத்துவிட்டு 0.64 ஐ மாத்திரம் நிரப்பினால், எஞ்சிய இடம் காற்றாகப் போகின்றது. அதை எதனால் நிரப்பலாம் என்று கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தகப்பனார் உண்மையிலே பத்துப் பெட்டி நூல்களை எடுத்துவைத்தார் என்றும், செலவை நினைந்து தாமே நான்கு பெட்டிகளை மீண்டும் அலுமாரியில் அடுக்கிவிட்டார் என்றும் சொன்னார். அந்த நான்கு பெட்டிகளின் கனவளவு 0.144 தான். கூட்டினால் 0.78 கன மீற்றர். நிறை 300 கிலோவைத் தொடவில்லை. கட்டணம் ஒரு சதமும் ஏறாது.

எனினும் விளிம்பு மட்டும் நிரப்பலாகாது என்று எச்சரித்தோம். முகவர் பெட்டிகளை ஒரு மரத்தட்டின் மேல் அடுக்கி, தட்டின் உயரத்தையும் பெட்டிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் சேர்த்தே அளப்பார். நம் வீட்டு அளவுநாடாவில் 0.78 ஆக இருந்தது அவருடைய பண்டகசாலையில் 0.94 ஆகியது. இன்னும் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தால் ஒரு கன மீற்றரைத் தாண்டி மேலதிகமாய்க் கொடுக்க நேர்ந்திருக்கும்.

தலையணைகளையும் போர்வைகளையும் நாம் கப்பலிலிருந்து எடுத்துவிட்டோம். கொழும்பிலிருந்து புறப்படும் பங்குக் கொள்கலன் முதலில் நிரம்பும்வரை காத்திருக்கும். இடையில் வேறு கப்பலுக்கு மாறும். கனடாவின் துறைமுகம் ஒன்றில் இறங்கிப் புகையிரதத்தில் ரொறன்ரோவுக்குச் செல்லும். இரண்டு மாதத்துக்குக் குறையாமல் எண்ணிக்கொள்வது நன்று. செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய 2023 இன் இறுதியின் பின்னர் பல கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்று இன்னும் பத்து நாளுக்கு மேலாகத் தாமதித்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதுவரை குழந்தை போர்வையின்றிப் படுப்பது எங்ஙனம்? எனவே இலவசப் பெட்டிகளில் இருந்த பட்டுச் சேலைகளும் பள்ளி நிழற்படத் தொகுப்புகளும் கப்பலுக்குச் சென்றன; போர்வைகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. அந்தப் பெட்டிகளின் அடியிலே கனமான சில அகராதிகளை வைத்து மேலே போர்வைகளை அமுக்கினோம். பெட்டிக் கணக்கில் நிறையும் அளவும் இரண்டும் ஒருங்கே நிரம்பும் பெட்டியே முழுப் பயன் தருவது. பஞ்சு மாத்திரம் வைத்த பெட்டி நிறையை வீணாக்கும், புத்தகம் மாத்திரம் வைத்த பெட்டி இடத்தை வீணாக்கும்.

பெட்டி எதனாற் செய்தது என்பதும் ஒரு பொருட்டா என வாசகர் கேட்கலாம். தையல் இயந்திரத்துக்கு ஊர்த் தச்சர் ஒருவர் பலகைப் பெட்டி செய்து கொடுத்திருந்தார். அழகான பெட்டிதான். ஆனால் மரத்திற் குடியிருக்கும் பூச்சிகள் நாடு தாண்டலாகாதென்று, பொதி கட்டும் மரத்தை உரிய முறையில் வெப்பமூட்டியோ மருந்தடித்தோ பதப்படுத்தி, அதற்கான சர்வதேச முத்திரை குத்தியிருத்தல் வேண்டும் என்பது விதி. முத்திரையில்லாத மரத்தைக் கனடா திருப்பி அனுப்பிவிடும். உள்ளிருக்கும் சாமானும் அதனுடன் போகலாம். தச்சரின் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. இயந்திரம் தடித்த இரட்டை மட்டைப்பெட்டிக்குள், பழைய சாறங்களாற் சுற்றப்பட்டுச் சென்றது. குத்துவிளக்கு அண்மையில் வாங்கியது என்பதால் தடையில்லை. பரம்பரையாய் வந்த பழம் விளக்கோ ஏட்டுச் சுவடியோ ஆயின், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முயலுதல் கூடாது.

கனடாச் சுங்கத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு பட்டியல். குடியேறுபவர் அந்நாட்டில் முதன்முதல் இறங்கும்போதே, தம்முடன் வந்த சாமான்களையும் பின்னர் வரவிருக்கும் சாமான்களையும் வெவ்வேறாக எழுதி, பெறுமதியையும் குறித்து விமான நிலையச் சுங்க உத்தியோகத்தரிடம் கொடுத்தல் வேண்டும். அவர் ஒப்பமிட்டுத் தரும் பிரதியைக் காட்டினால், பின்வரும் சாமான்கள் வரியின்றி விடுவிக்கப்படும். அவை புறப்படுமுன்னரே உரிமையாளர் வைத்திருந்து பாவித்தவையாய் இருத்தல் வேண்டும். கடைச்சீட்டுக் கழற்றாத புதுப்பொருளை இந்தச் சலுகைக்குள் மறைத்தல் இயலாது. "வந்தபின் எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோர் அந்தப் பிரதியின்றிப் பண்டகசாலை வாசலில் நின்று வருந்துவர். அங்கே சில நாளே இலவசம். பின்னர் நாளொன்றுக்கு இவ்வளவென்று வாடகை ஏறும்.

காப்புறுதி வேண்டுமா என்று அவர் மனைவி கேட்டார். "பழைய புத்தகத்துக்கு யார் காசு தரப்போகிறார்கள், சேர்?" அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானதே. ஆனாற் கப்பலில் வேறோர் ஆபத்து உண்டு. கடலில் இடர் நேர்ந்து, கப்பலைக் காப்பாற்றுவதற்குச் செலவு செய்தால், அச்செலவைக் கப்பலுடையாரும் சரக்குடையார் எல்லோரும் பங்கிட்டுக் கொள்வது பழைய கடற் சம்பிரதாயம். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சுயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே தட்டி நின்றபின் அவ்வாறே அறிவித்தனர். சேதமெதுவும் அடையாத பெட்டியின் உரிமையாளரும் தம் பங்குக்குப் பணமோ உறுதிப் பத்திரமோ கொடுத்தாலன்றிப் பெட்டியை மீட்கமுடியாது. காப்புறுதி இருந்தால் அக்கம்பனி இப்பொறுப்பை ஏற்கும். அதே ஆண்டு மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் நம் கண்ணெதிரே கொழும்புக்கு அப்பால் எரிந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. விமானத்திலோ பொதி தொலைந்தால் கம்பனியின் பொறுப்புக்கு ஒரு பிரயாணிக்கு இவ்வளவென்று உச்சவரம்பு உண்டு. அது இன்று ஏறக்குறைய 2000 அமெரிக்க டொலர். மேலதிகமாய் எத்தனை பெட்டிக்குப் பணம் கட்டினாலும் அந்த எல்லை உயர்வதில்லை. அவர்கள் ஒரு சிறு தொகைக்குக் காப்புறுதி செய்துகொண்டார்கள்.

பட்டியலை எழுதியவர் தகப்பனாரே. ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கமிட்டு, உள்ளிருக்கும் நூல்களின் பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். தையல் இயந்திரத்தின் அடியில் பொறித்திருந்த தொடரிலக்கத்தையும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ரொறன்ரோவிலிருந்து மாணவர் எழுதிய மடல் புறப்பாட்டின் பதினொராம் கிழமையில் நமக்குக் கிடைத்தது. சாமான் வந்த மூன்றாம் நாளே ஒப்பமிட்ட பிரதியுடன் சென்றாராம். சுங்க உத்தியோகத்தர் கேட்டது தையல் இயந்திரத்தின் தொடரிலக்கம் ஒன்றையே. பித்தளைப் பாத்திரப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. புத்தகப் பெட்டிகள் பத்தும் இருந்தன.